மண் ஈர உணரி: கைபேசியில் F2-0A-9A-06 என்று வருகிறது, இதை எப்படிப் படிப்பது?

கோபி_வாழை

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் நேந்திரன் போட்டிருக்கிறேன். கிணற்றுப் பாசனம், வாய்க்காலில் விட்டுப் பாத்தி கட்டிப் பாய்ச்சுகிறோம். அக்கா மகன் கல்லூரித் திட்டப்பணிக்காக ஒரு பெட்டி செய்து தோட்டத்தில் நட்டுவைத்தான். உள்ளே ESP32 பலகை, காற்று வெப்பநிலை உணரி ஒன்று, மண்ணில் குத்தும் பட்டை போன்ற உணரி ஒன்று. இணையம் கிடையாது, புளூடூத் மட்டும்தான். செயலி எழுதித் தருவதாகச் சொன்னவன் வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டான். அதுவரை `nRF Connect` செயலியில் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான்.

அதில் பெட்டியை இணைத்து, கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தொட்டால் இப்படி வருகிறது:

```
Value: (0x) F2-0A-9A-06
```

F20A என்பதைக் கணக்குப்பொறியில் மாற்றினால் 61962. அடுத்ததை மாற்றினால் 39430. எந்த ஊரில் இந்த வெப்பநிலை? பெட்டி கெட்டுவிட்டதா, நான் படிப்பது தப்பா?

இன்னொன்று. காலையில் ஒருமுறை இணைத்துவிட்டால் பிறகு அன்று முழுவதும் பெட்டி கைபேசியில் தெரிவதே இல்லை. மின்கலத்தைக் கழற்றி மாட்டினால் மறுபடியும் தெரிகிறது.

பவானிக்கரை

கைபேசியின் அமைப்புகளுக்குப் போய் புளூடூத் பட்டியலில் அந்தப் பெட்டியை முதலில் ஜோடி சேருங்கள். ஜோடி சேர்க்காமல் செயலியில் மட்டும் பார்ப்பதால்தான் எண்கள் குழம்பி வருகின்றன. காதில் மாட்டும் கருவிக்கும் இதே வழிதான். இருப்பிட அனுமதியையும் கொடுத்துவிடுங்கள், அது இல்லாமல் எதுவுமே தெரியாது.

மின்னணு_மணி

பவானிக்கரை சொன்னதில் இருப்பிட அனுமதி பாதி சரி. ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை புளூடூத் கருவிகளைத் தேடுவதற்கு இருப்பிட அனுமதி கட்டாயம். 12இலிருந்து "அருகிலுள்ள சாதனங்கள்" என்று தனி அனுமதி வந்துவிட்டது. ஆனால் ஜோடி சேர்ப்பதற்கும் எண் குழம்புவதற்கும் சம்பந்தமில்லை. இந்த மாதிரிக் குறைமின் புளூடூத் பெட்டியை அமைப்புகளுக்குள் போய்ச் சேர்க்கவே தேவையில்லை. செயலி நேராக இணைத்துப் படித்துக்கொள்ளும்.

கோபி அண்ணா, பெட்டி நன்றாகவே இருக்கிறது. நீங்கள் பைட்டுகளை முன்பின்னாகப் படிக்கிறீர்கள். புளூடூத்தில் சிறிய பாதி முன்னால் வரும், பெரிய பாதி பின்னால் வரும். ஆகவே முதல் இரண்டு பைட் F2-0A என்றால் அதை 0AF2 என்று திருப்ப வேண்டும். 0AF2 = 2802. வெப்பநிலையை நூறால் பெருக்கி அனுப்புவது வழக்கம், எனவே 28.02 டிகிரி. காலையில் பார்த்திருப்பீர்கள், பொருந்துகிறதா?

அடுத்த இரண்டு 9A-06. திருப்பினால் 069A = 1690. இது மண் உணரியின் பச்சை எண், சதவீதம் அல்ல.

எந்த பைட் எதற்கானது என்று என் ஊகத்தை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துவிடலாம். வெப்பநிலை உணரியைக் கைக்குள் பொத்திக்கொண்டு மீண்டும் படியுங்கள். முதல் ஜோடி ஏற வேண்டும், இரண்டாவது அசையக் கூடாது. பிறகு மண் பட்டையை உருவி, கோடு போட்ட இடம் வரை ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். இரண்டாவது ஜோடி குறைய வேண்டும். ஆம், குறைய வேண்டும். இந்த மின்தேக்கு வகைப் பட்டையில் ஈரம் கூடினால் எண் இறங்கும்.

மின்னணு_மணி

பெட்டி காணாமல் போகிற விஷயம் தனி. ஒரு கைபேசி இணைந்தவுடன் இந்தப் பெட்டிகள் "இங்கே இருக்கிறேன்" என்று அறிவிப்பதை நிறுத்திவிடும். இணைப்பு அறுந்த பிறகு மறுபடி அறிவிக்கச் சொல்லி நிரலில் எழுதினால்தான் அறிவிக்கும். உங்கள் மருமகன் அந்த வரியை விட்டிருப்பார். அவரிடம் இதை அனுப்புங்கள்:

```cpp
class MyCallbacks : public BLEServerCallbacks {
  void onDisconnect(BLEServer* s) {
    BLEDevice::startAdvertising();
  }
};
// setup() உள்ளே:
server->setCallbacks(new MyCallbacks());
```

இதைப் போட்ட பிறகும் தெரியவில்லை என்றால் தோட்டத்தில் வேறு யாருடைய கைபேசியாவது இணைந்தபடி இருக்கிறதா என்று பாருங்கள்.

கோபி_வாழை

மணி தம்பி, நீங்கள் சொன்ன இரண்டு சோதனையும் அப்படியே நடந்தது. கையில் பொத்தியதும் முதல் ஜோடி 3100ஐத் தாண்டியது. டம்ளரில் இரண்டாவது ஜோடி 1250க்கு வந்து நின்றது. துடைத்துக் காற்றில் பிடித்தால் 2850. நிரலை மருமகனிடம் அனுப்பிவிட்டேன், தீபாவளிக்கு வரும்போது ஏற்றித் தருகிறானாம்.

அவன் ஒரு கணக்கும் கொடுத்திருக்கிறான். காற்றில் வரும் எண் 0 சதவீதம், தண்ணீரில் வரும் எண் 100 சதவீதம்.

```
சதவீதம் = (2850 - எண்) × 100 / (2850 - 1250)
```

அன்றைய 1690க்கு 72 வருகிறது. 50க்குக் கீழே போனால் தண்ணீர் விடலாம் என்றான். எனக்கும் சரியாகத்தான் தோன்றியது. போன முறை 2130 வரை விட்டுத்தான் மோட்டார் போட்டேன், அவன் கணக்கில் 45. ஆனால் அதற்கு முன்பே மதிய நேரத்தில் இலைகள் நடு நரம்பின் இருபுறமும் மடிந்து தொங்கிக்கொண்டிருந்தன. பாதி ஈரம் இருக்கும்போது வாழை ஏன் இப்படிக் காட்ட வேண்டும்?

தென்னந்தோப்பு

நல்ல இழை. நான் சென்னையில் இருக்கிறேன், தோப்பு பொள்ளாச்சி அருகே. இந்தப் பெட்டியை வைத்து நான் இங்கிருந்தே மோட்டாரை ஓட்ட முடியுமா? விலை எவ்வளவு ஆகும்?

மின்னணு_மணி

முடியாது ஐயா. புளூடூத் என்பது தோட்டத்துக்குள் நின்று படிப்பதற்கு. சென்னையிலிருந்து பார்க்க வேண்டுமானால் பெட்டியில் சிம் அட்டை வேண்டும், அல்லது 865–867 மெகாஹெர்ட்ஸில் ஓடும் லோரா என்ற நெடுந்தூர வானொலிப் பலகை வாங்கி வீட்டு இணையத்தோடு இணைக்க வேண்டும். தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.

மண்வாசம்

மண் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். கோபி அவர்களே, உங்கள் வாழை சரியாகத்தான் காட்டியிருக்கிறது. தப்பு அந்தச் சதவீதத்தில்.

0 என்பதற்குக் காற்றையும் 100 என்பதற்குத் தண்ணீரையும் வைத்திருக்கிறீர்கள். வேர் இரண்டிலும் இல்லை, மண்ணில் இருக்கிறது. உங்கள் பக்கத்து மண் களி கலந்த வண்டலாக இருக்கும். அதில் நீர் தெப்பமாக நின்றாலும் கன அளவில் ஏறத்தாழ பாதிக்கு மேல் தண்ணீர் போகாது, மீதி இடத்தை மண் துகள் பிடித்துக்கொள்கிறது. வடிந்த பிறகு மண் தாங்கி நிறுத்துவது இன்னும் குறைவு. கீழ்ப் பக்கமும் அப்படித்தான். சுமார் 20 சதவீதம் தண்ணீர் மண்ணில் இருக்கும்போதே அதை இழுக்க முடியாமல் செடி வாடிவிடும். ஆகவே செடிக்குக் கிடைப்பது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு குறுகிய அளவு மட்டும். உங்கள் மருமகனின் 45, அந்த அளவின் அடிமட்டத்துக்கு அருகில் இருந்திருக்கும்.

ஊகத்தில் பேச வேண்டாம், அளந்துவிடுங்கள். அரை நாள் வேலை.

உள்விட்டம் 5 செ.மீ., உயரம் 5 செ.மீ. வருமாறு ஒரு இரும்புக் குழாயை வெட்டி ஒரு விளிம்பைக் கூராக்கிக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு 98 கன செ.மீ. தண்ணீர் பாய்ச்சி இரண்டு நாள் வடிந்த பிறகு, உணரி இருக்கும் ஆழத்திலேயே, ஆனால் அதிலிருந்து ஒரு முழம் தள்ளி, குழாயை மண்ணில் நேராக இறக்குங்கள். மேல் மண்ணை முதலில் செதுக்கிவிட வேண்டும். சுற்றித் தோண்டி எடுத்து இரு முனைகளையும் கத்தியால் மட்டமாக வழித்து, உள்ளே உள்ள மண் முழுவதையும் நெகிழிப் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அதே நேரத்தில் கைபேசியில் வரும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இதுபோல் மூன்று மாதிரி. மண் காய்ந்து, அடுத்த பாய்ச்சலுக்கு முந்தைய நாள், மறுபடியும் மூன்று.

ஈர எடை பார்த்து, 105 டிகிரியில் 24 மணி நேரம் அடுப்பில் வைத்து, உலர் எடை பாருங்கள். பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ மண் ஆய்வுக்கூடத்திலோ இந்த உலர்த்தும் அடுப்பு இருக்கும். வீட்டு வாணலியில் வறுத்தால் மட்கு கருகி எடை பொய்யாகிவிடும்.

பவானிக்கரை

இவ்வளவு பாடு எதற்கு? கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ஈரங்காட்டி ஒன்று இருக்கிறது. மண்ணில் குத்தினால் வண்ண விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் போதும், சிவப்பு என்றால் உடனே பாய்ச்ச வேண்டும். எழுத்துத் தெரியாதவர்கூடப் பயன்படுத்தலாம்.

மண்வாசம்

நல்ல கருவிதான், நானும் பரிந்துரைப்பேன். ஆனால் அது குத்தும் நேரத்தில் உள்ள நிலையைச் சொல்லும். கோபி கையில் இருப்பது ஒரே இடத்தில் நின்று நாள்தோறும் எவ்வளவு இறங்குகிறது என்று காட்டுவது. அந்த இறக்கம்தான் இவருக்கு வேண்டியது.

யாழ்_வெங்காயம்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். செம்மண், சின்ன வெங்காயம். நானும் இதே மாதிரிப் பட்டை ஒன்றை வைத்திருக்கிறேன். பசளை கரைத்துவிட்ட மறுநாள், தண்ணீர் விடாமலே, மண் ஈரமாகிவிட்டது போல எண் இறங்கியது. கிணற்று நீரும் இங்கே சற்று உவர். உணரி பழுதா?

மண்வாசம்

பழுது இல்லை. உப்பும் உரமும் மண் நீரின் மின்கடத்தலைக் கூட்டும், மலிவான மின்தேக்குப் பட்டைகள் அதை ஈரம் என்றே எடுத்துக்கொள்ளும். உரம் விட்ட அடுத்த இரண்டொரு நாள் எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கிணற்று நீர் எப்போதும் உவர் என்றால், அதே நீரைப் பாய்ச்சிய மண்ணிலேயே எடை பார்த்துக் கணக்கிட்டால் பெரும்பகுதி சரியாகிவிடும். கோடையில் உவர் ஏறி மாரியில் குறைகிற இடத்தில் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் நேரான விடை இல்லை.

கோபி_வாழை

மண்வாசம் அம்மா, சொன்னபடியே செய்தேன். மூன்று மாதிரியின் சராசரியை எழுதுகிறேன்.

பாய்ச்சி இரண்டு நாள் கழித்து, கைபேசியில் 1690. ஈர எடை 172 கிராம், உலர் எடை 137.

காய்ந்த பிறகு, கைபேசியில் 2130. ஈர எடை 158 கிராம், உலர் எடை 136.

மேலும் ஒன்றை இடையில் எடுத்தேன், கைபேசியில் 1900 இருந்தபோது. அதில் தண்ணீர் 27 கிராம். இனி என்ன கணக்கு?

மண்வாசம்

அருமையாக எடுத்திருக்கிறீர்கள். உலர் எடைகள் ஒன்றுக்கொன்று ஒட்டி வந்திருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது, குழாயை ஒரே மாதிரி இறக்கியிருக்கிறீர்கள்.

முதல் மாதிரியில் தண்ணீர் 35 கிராம், அதாவது 35 கன செ.மீ. அது 98இல் சுமார் 36 சதவீதம். இதுவே உங்கள் மண் வடிந்த பிறகு தாங்கி நிறுத்தும் அளவு. இரண்டாவதில் 22 கிராம், சுமார் 22 சதவீதம். ஆக எண் 1690இலிருந்து 2130க்கு 440 ஏறியபோது ஈரம் 14 புள்ளி இறங்கியிருக்கிறது. ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 31.

நடு மாதிரியை வைத்துச் சரிபார்ப்போம். 1900 என்றால் 210 ஏற்றம், அதாவது 7 புள்ளி குறைவு, 29 சதவீதம் வர வேண்டும். உங்கள் எடை 27 அல்லது 28 என்கிறது. கோடு முழு நேராக இல்லை, ஆனால் பாசனத்துக்கு இது போதும்.

இப்போது வாழை. செடி வாடிப்போகும் அளவு இந்த மாதிரி மண்ணுக்கு 20ஐ ஒட்டி இருக்கும். உறுதியாக வேண்டுமானால் அழுத்தத் தட்டு உள்ள ஆய்வுக்கூடத்தில்தான் அளக்க முடியும். 36க்கும் 20க்கும் இடையே 16 புள்ளி. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 56ஆம் பாசன வழிகாட்டியில் வாழைக்குக் கொடுத்திருப்பது 0.35, கிடைக்கும் நீரில் 35 சதவீதம் தீர்வதற்குள் பாய்ச்ச வேண்டும். 16இல் 35 சதவீதம் 5.6. ஆகவே மண் ஈரம் 30ஐத் தொடும்போதே மோட்டார் போட வேண்டும். உங்கள் கைபேசியில் அது 1860.

மருமகனின் கணக்கில் 1860 என்பது 62. அவர் சொன்ன 50 வரையே காத்திருப்பது தவறு, நீங்கள் 45 வரை போய்விட்டீர்கள். இலை மடிந்தது அதனால்தான்.

சொட்டுநீர்_சேகர்

மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. அந்த 0.35 எல்லாம் பாத்திப் பாசனக்காரர்களுக்கு. நான் ஈரோட்டுப் பக்கம் வாழைக்குச் சொட்டுநீரில் தினமும் விடுகிறேன். தீர்வதற்குக் காத்திருப்பதே கிடையாது. எனக்கு உணரி எதற்கு?

மண்வாசம்

கோபி பாத்திப் பாசனக்காரர், அதனால் அவருக்கு அந்தக் கணக்கு. உங்களுக்கு உணரியின் வேலை வேறு. ஆழத்தில் இரண்டாவது ஒன்றைப் போடுங்கள். வேர் மண்டலத்தின் அடியில் உள்ள எண் தினமும் ஈரத்தின் பக்கம் நகர்ந்துகொண்டே போனால், தண்ணீரும் உரமும் கீழே ஓடுகின்றன என்று பொருள்.

சொட்டுநீர்_சேகர்

சொட்டும் இடத்தில் இருந்து அரை அடி தள்ளினால் எண் வேறு, ஓர் அடி தள்ளினால் வேறு. எதை நம்புவது? ஒரு பட்டையை வைத்து ஒரு ஏக்கரை முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மின்னணு_மணி

சேகர் அண்ணன் சொல்வதில் நியாயம் உண்டு. ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம் என்பேன். கைபேசியோடு நடந்து படிப்பதால் பெட்டிகள் கூடக் கூட இணைத்துத் துண்டிப்பது தொல்லையாகிவிடும். அப்போது இணைக்காமலே படிக்கும் முறைக்கு மாறலாம். BTHome என்று ஒரு வடிவம் இருக்கிறது. பெட்டி தன் அறிவிப்புக்குள்ளேயே எண்ணைப் போட்டுவிடும், பல கைபேசிகள் ஒரே நேரத்தில் பார்க்கலாம். அறிவிப்பில் `FCD2` என்ற அடையாளத்தின் கீழ் `40-14-02-0C` என்று வந்தால், `14` ஈரத்தைக் குறிக்கும், அடுத்த இரண்டைத் திருப்பினால் 0C02 = 3074, அதாவது 30.74 சதவீதம். பெட்டிக்குள்ளேயே உங்கள் 1690, 2130 கணக்கைப் போட்டுவிட்டால் கைபேசியில் உண்மைச் சதவீதம் வரும்.

பவானிக்கரை

இதற்கெல்லாம் புளூடூத் 5 வாங்கினால் போதுமே, ஒரு கிலோமீட்டர் எட்டும். வரப்பில் நின்றே ஒன்றரை ஏக்கரையும் படித்துவிடலாம்.

மின்னணு_மணி

அந்தத் தூரம் நீள்தூர முறையில் மட்டும், அதுவும் திறந்த வெளியில், இரு பக்கமும் அதை ஆதரித்தால். கோபி அண்ணன் கையில் இருக்கும் பழைய ESP32 புளூடூத் 4.2தான், C3, S3 வகைகளில் அந்த வசதி உண்டு. பல கைபேசிகளில் இல்லை. அதற்கு மேல் வாழைத் தண்டு முழுக்கத் தண்ணீர், இந்த அலைவரிசை அதில் சிக்கிவிடும்.

அண்ணா, செயலியில் பெட்டியின் பெயருக்குப் பக்கத்தில் `dBm` என்று ஓர் எண் வரும். -70 சுற்றினால் தாராளம், -90ஐத் தாண்டினால் பாதியில் அறுந்துவிடும். பெட்டி தரையோடு இருந்தால் ஒரு கழியில் இடுப்புக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள். மண்ணுக்குள் போக வேண்டியது பட்டை மட்டும்.

கோபி_வாழை

உயர்த்திக் கட்டினேன். முன்பு நாலு மரம் தாண்டினால் அறுந்துவிடும், இப்போது வரப்பு வரை -82இல் நிற்கிறது. 1860இல் பாய்ச்சினேன், இந்தச் சுற்றில் இலை மடியவில்லை.

இன்னும் ஒரு சந்தேகம். தண்ணீர் எதுவும் விடாத நாளிலும் காலை எண்ணுக்கும் மதிய எண்ணுக்கும் 30, 40 வித்தியாசம் வருகிறது. ஈரமா, வெயிலா?

மண்வாசம்

பெரும்பாலும் வெயில். பட்டையின் தலைப்பகுதியில் உள்ள சில்லும் சூடாகும், மேல் மண்ணும் சூடாகும். தினமும் சூரியன் ஏறுவதற்கு முன் ஒரே நேரத்தில் படியுங்கள், முதல் நாள் காலையோடு மட்டும் ஒப்பிடுங்கள். பட்டையின் வெட்டு விளிம்புகளில் நகப்பூச்சோ எபாக்சியோ பூசியிருக்கிறாரா மருமகன்? இல்லையென்றால் அந்த விளிம்பு வழியே பலகைக்குள் ஈரம் ஏறும். பிறகு காய்ந்த மண்ணிலும் ஈரம் என்றே காட்டிக்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறை உருவித் துடைத்துக் காற்றில் பிடியுங்கள். 2850க்கு அருகில் திரும்ப வர வேண்டும். 2600, 2500 என்று நின்றால் பட்டையை மாற்றிவிடுங்கள். மீண்டும் குத்தும்போது மண்ணை இறுக்கி அணையுங்கள், பட்டைக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று நின்றால் நேர் எதிராக, ஈர மண்ணையும் காய்ந்தது என்று சொல்லும்.

தென்னந்தோப்பு

தனி இழை தொடங்கிவிட்டேன். தென்னைக்கு அந்த 0.35 எவ்வளவு என்று யாராவது அங்கே வந்து சொல்லுங்கள்.

சொட்டுநீர்_சேகர்

மண்வாசம் அம்மா, இரண்டு பட்டை வாங்கியிருக்கிறேன். ஒன்றைச் சொட்டியிலிருந்து ஓர் அடி தள்ளி ஒரு சாண் ஆழத்தில், மற்றதை அதற்கு நேர் கீழே இரண்டு அடியில் போடலாமா? அவ்வளவு ஆழத்தில் பட்டையின் தலை மண்ணுக்குள் போய்விடுமே, அதை எப்படி மூடுவது?